மூசையில் உருகிய எஃகு: சேலம் வட்டார உருக்கு உற்பத்தி முறையும் நீர்வரி வாள்களின் புகழும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியாவில் மூடிய மண் மூசைகளுக்குள் உருவாக்கப்பட்ட உருக்கு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஊட்சு’ என்னும் பெயரில் ஐரோப்பிய அறிவியலாளர்களின் ஆய்வுப் பொருளாயிற்று. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது மேற்காசியாவின் வாள் பட்டறைகளைச் சென்றடைந்திருந்தது. சேலம் வட்டார உற்பத்தி முறை குறித்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட விவரிப்பை இக்கட்டுரை அடிப்படையாகக் கொள்கிறது. மூசைக்குள் இட்ட இரும்பு, கட்டை, இலை ஆகியவற்றின் அளவுகள் எத்தகைய உலோகத்தைத் தந்திருக்கும் என்பதை அது கணக்கிட்டுப் பார்க்கிறது. அவ்வுலோகத்திலிருந்து அடித்து வடிக்கப்பட்ட வாள்களின் புகழுக்கு மூசையும் கொல்லரின் உலையும் தனித்தனியே எவ்வாறு பங்களித்தன என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உருக்கு, எஃகு, மூசை, சேலம், மேல்சிறுவளூர், கோனசமுத்திரம், நீர்வரி வாள்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியில் இன்று பழைய இரும்பை மின்தூண்டல் உலைகளில் உருக்கி வார்த்துக் கட்டடக் கம்பிகளாக உருட்டும் ஆலைகள் பல இயங்குகின்றன. அக்கம்பிகளில் உள்ள கரியின் அளவு ஏறத்தாழ 0.2 விழுக்காடு. வளைய வேண்டிய கம்பிக்கு அதற்கு மேல் கரி தேவையில்லை. தென்னிந்தியக் கொல்லர்கள் கைப்பிடியளவு மூசைகளுக்குள் உருக்கிய எஃகிலோ கரி 1 முதல் 1.6 விழுக்காடு வரை இருந்தது. இன்றைய பொறியாளர் ஒருவர் இவ்வளவு கரி கொண்ட எஃகை அரம், சவரக்கத்தி போன்ற கருவிகளுக்கே தேர்ந்தெடுப்பார். அதனை வாளாக வடிப்பது எளிதன்று. சிறிது பிழைத்தாலும் அது நொறுங்கிவிடும். அத்தகைய உலோகம் வாளின் உலோகமாகவே உலகப் புகழ் பெற்றது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவுக்கு விடை தேடும்போது இரண்டு செய்திகளைப் பிரித்துக் காண வேண்டியுள்ளது. முதலாவது, உருக்குக் கட்டியை உருவாக்கிய மூசைத் தொழில். இரண்டாவது, அக்கட்டியை வாளாக வடித்த பட்டறைத் தொழில். பொதுவான எழுத்துகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து, ‘டமாஸ்கசு வாள் தமிழரின் வாள்’ என்ற அளவில் கூறி முடிக்கப்படுகின்றன. சான்றுகள் காட்டும் படம் அதனினும் நுட்பமானது. அதில் தென்னிந்தியக் கொல்லரின் இடம் குறைவதில்லை. அவர் செய்தது இன்னது என்பது தெளிவாகிறது.

சொல்லும் அதன் எல்லையும்

‘ஊட்சு’ என்ற சொல் 1790களில் ஆங்கில எழுத்துகளில் இடம்பெறத் தொடங்கியது. பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் என்பவர் இலண்டன் அரசவைக் கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்சுக்கு இவ்வுலோகத்தின் மாதிரிகளை அனுப்பினார். அவற்றை ஆய்ந்து ஜார்ஜ் பியர்சன் எழுதிய கட்டுரை 1795இல் அக்கழகத்தின் இதழில் வெளிவந்தது. எஃகைக் குறிக்கும் கன்னட, தெலுங்குச் சொல்லான ‘உக்கு’ என்பதன் திரிபே ஊட்சு என்பது அறிஞர் பலரின் கருத்து. தமிழின் ‘உருக்கு’ அதனோடு உறவுடையது. உருகி உண்டான இரும்பு என்னும் செய்முறை விளக்கம் அத்தமிழ்ச் சொல்லிலேயே அடங்கியுள்ளது.

‘எஃகு’ என்ற சொல் சங்க இலக்கியங்களில் வேல் முதலிய கூரிய படைக்கலத்தைக் குறிக்கிறது. திருக்குறளில் அது கூர்மைக்கு ஒப்புமையாக வருகிறது. இச்சொல்லாட்சிகள் கூரிய இரும்புக் கருவிகள் பழந்தமிழகத்தில் போற்றப்பட்டதைக் காட்டுகின்றன. ஆயினும் அக்கருவிகளின் உலோகம் மூசையில் உருகியதா, உலையில் கரியோடு நெடுநேரம் காய்ச்சப்பட்டதா என்பதைச் சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. இதே எச்சரிக்கை அயல்நாட்டுக் குறிப்புகளுக்கும் பொருந்தும். பிளினி புகழ்ந்துரைத்த ‘சீரிக்’ இரும்பைச் சேர நாட்டு இரும்பு எனக் கொள்வோர் உளர். அப்பெயர் சீனரையே குறிக்கும் என்பாரும் உளர். எரித்திரியக் கடற்பயண நூல் இந்திய இரும்பும் எஃகும் செங்கடல் துறைமுகங்களுக்கு வந்ததைக் கூறுகிறது. ஆனால் அவை மேற்கிந்தியப் பகுதியிலிருந்து வந்தவை என்றே குறிப்பிடுகிறது. எனவே செய்முறையை அறிய இலக்கியத்தைக் காட்டிலும் மூசையின் எச்சங்களும் கண்டோர் எழுதிய குறிப்புகளுமே உறுதியான சான்றுகளாகின்றன.

இரும்பிலிருந்து எஃகு: அடிப்படைச் சிக்கல்

பழங்கால ஊதுலையில் இரும்பு உருகுவதில்லை. தாதுவும் மரக்கரியும் கலந்து எரியும்போது தாதுவிலுள்ள உயிர்வளி நீங்க, இரும்பு திண்ம நிலையிலேயே கடற்பஞ்சு போன்ற பிண்டமாகத் திரள்கிறது. தாதுவின் மண்பகுதி சிட்டமாக உருகி வடிகிறது. ஆயினும் அதில் ஒரு பங்கு பிண்டத்தின் புழைகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. பிண்டத்தை அடித்து அச்சிட்டத்தைப் பிதுக்கினால் கிடைப்பது தேனிரும்பு. அது மென்மையானது, கரி மிகக் குறைந்தது, எவ்வளவு அடித்தாலும் சிட்ட இழைகள் அதில் எஞ்சும்.

இத்தேனிரும்பைக் கரித்தூளோடு பல நாள் காய்ச்சி அதன் மேற்பரப்பில் கரியை ஏற்றுவது ஐரோப்பாவில் வழங்கிய முறை. அவ்வாறு பெற்ற எஃகில் கரி சீராகப் பரவுவதில்லை, சிட்டமும் நீங்குவதில்லை. இரும்பு முழுவதும் உருகினால்தான் சிட்டம் மேலே மிதந்து பிரியும். கரியும் எங்கும் ஒரே அளவாகப் பரவும். தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். மரக்கரி உலைகளில் அதனை எட்டுவது கடினம். ஆனால் இரும்பில் 1.5 விழுக்காடு கரி கலந்தால் அது முற்றிலும் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 1430 பாகைக்கு இறங்கிவிடுகிறது. தென்னிந்தியக் கொல்லரின் தீர்வு இவ்வேறுபாட்டில்தான் அமைந்துள்ளது. இரும்பை உருக்கிப் பின்னர்க் கரி சேர்ப்பதை விட்டு, கரியைச் சேர்ப்பதன் வழியாகவே அவர்கள் இரும்பை உருக வைத்தனர். இங்கிலாந்தின் செப்பீல்டு நகரில் பெஞ்சமின் ஹண்ட்சுமன் மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டது 1740களில்தான்.

சேலம் வட்டாரச் செய்முறை

ஜோசையா மார்சல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்தவர். பின்னர்ப் பறங்கிப்பேட்டையில் இரும்பு ஆலையை நிறுவினார். சேலம் பகுதியில் நாட்டுக் கொல்லர்கள் உருக்குச் செய்த முறையை அவர் 1830களின் இறுதியில் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் விவரித்தார். உலோகத் தொழிலை நன்கறிந்த ஒருவர் அளவுகளோடு எழுதியது என்பதே இக்குறிப்பின் தனிச்சிறப்பு.

சேலத்தை அடுத்த கஞ்சமலை முதலிய குன்றுகளில் காந்தத் தாதும் வெண்கல்லும் அடுக்கடுக்காகக் கலந்து கிடக்கின்றன. தாதுப் பாறையை இடித்துப் பொடியாக்கி, புடைத்தோ நீரில் அலசியோ எடை குறைந்த கல்மாவை நீக்கினர். எஞ்சிய கரிய தாதுமணலைச் சிறிய மண்ணுலையில் மரக்கரியோடு மாறிமாறி இட்டு, ஆட்டுத்தோல் துருத்திகளால் சில மணிநேரம் ஊதினர். இறுதியில் உலையின் முகப்பை உடைத்துப் பிண்டத்தை எடுத்தனர். செந்தழலாக இருந்த அதனை மர உலக்கையால் அடித்துச் சிட்டத்தை நீக்கினர். பின்னர்க் கோடரியால் பாதியளவு பிளந்துவிட்டனர். வாங்குவோர் உள்ளிருக்கும் உலோகத்தின் தரத்தைக் கண்ணால் காண்பதற்கே இவ்வேற்பாடு.

இவ்வாறு பெற்ற இரும்பு மீண்டும் காய்ச்சி அடிக்கப்பட்டுத் துண்டுகளாக வெட்டப்பட்டது. ஒரு மூசைக்கு இட்ட இரும்பு அரை பவுண்டு முதல் இரண்டு பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 225 முதல் 900 கிராம் வரை இருந்தது. அதனோடு எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி இட்டனர். அதன்மேல் எருக்கிலையோ, ஒருவகைக் கொடியின் இலையோ ஒன்றிரண்டைப் பச்சையாக வைத்து மூடினர். பிறகு பிசைந்த களிமண்ணை மூசையின் வாயில் திணித்துக் காற்றுப் புகாதவாறு அடைத்தனர்.

அடைப்பு உலர்ந்தபின் 20 முதல் 24 மூசைகளை ஒரு சிறிய உலைக்குள் வளைவு போல அடுக்கி, மரக்கரியால் மூடி ஊதினர். ஏறத்தாழ இரண்டரை மணிநேரத்தில் பணி முடிந்தது. மூசைகளை வெளியே எடுத்து ஆறவைத்து உடைத்தபோது, அடிப்பகுதியின் வடிவத்திலேயே உருக்கு ஒரு கட்டியாகக் கிடைத்தது. அக்கட்டிகளை அப்படியே விற்கவில்லை. உருகுநிலைக்குக் கீழான வெப்பத்தில், துருத்தியின் காற்றுப் படுமாறு திருப்பித் திருப்பிச் சில மணிநேரம் காய்ச்சினர். மிகுதியான கரியை நீக்குவதே இதன் நோக்கம் என்று ஹீத் கருதினார்.

பிரான்சிசு புக்கானன் 1800–1801இல் மைசூர்ப் பகுதியில் கண்ட செய்முறையும் இதனோடு பெரிதும் ஒத்துள்ளது. அங்கும் தேனிரும்புத் துண்டு, ஆவாரங்கட்டை, பச்சிலை ஆகியவற்றை இட்டு மூசையை அடைத்துள்ளனர். தொலைவில் அமைந்த இரு வட்டாரங்களில் ஒரே செடி பயன்பட்டது, இம்முறை ஒரு நிலைபெற்ற மரபாக வழங்கியதைக் காட்டுகிறது.

மூசைக்குள் நிகழ்ந்தது: ஒரு கணக்கீடு

ஹீத் தந்த அளவுகளைக் கொண்டு மூசைக்குள் நிகழ்ந்ததை மதிப்பிடலாம். 900 கிராம் இரும்பும் 90 கிராம் கட்டையும் இட்டதாகக் கொள்வோம். காற்றில்லா நிலையில் உலர்ந்த கட்டை கரியாகும்போது அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எஞ்சும். சாம்பலையும் பிறவற்றையும் கழித்தால் கிடைக்கும் தூய கரி சுமார் 20 கிராம். இது முழுவதும் இரும்பில் சேர்ந்தால் கரியின் அளவு 2.2 விழுக்காடாகும். அது எஃகின் எல்லையைக் கடந்து வார்ப்பிரும்பை நெருங்கிய உலோகமாகும், அடித்தால் உடைந்துவிடும்.

ஆனால் இட்ட இரும்பு தூயதன்று. அதில் 5 விழுக்காடு, அதாவது 45 கிராம் சிட்டம் இருந்ததாகவும், அச்சிட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு ஆக்சைடு என்றும் கொள்வோம். அந்த 30 கிராம் ஆக்சைடை இரும்பாக மாற்ற 5 கிராம் கரி செலவாகும். எஞ்சிய 15 கிராம் இரும்பில் கலந்தால் கிடைப்பது சுமார் 1.7 விழுக்காடு கரி கொண்ட எஃகு. மூசைக்குள் தங்கியிருந்த காற்றும் சிறிது கரியை எரித்திருக்கும். ஆகவே உலோகம் 1.5 விழுக்காட்டை ஒட்டி அமைந்திருக்கும். பத்தில் ஒரு பங்கு என்ற கொல்லரின் அளவு, சரியான எஃகு விளையும் குறுகிய எல்லைக்குள் சென்று விழுவதை இக்கணக்கு காட்டுகிறது.

இதே கணக்கு மற்றொரு செய்தியையும் விளக்குகிறது. கட்டிகளில் சராசரியாக ஐந்துக்கு நான்கு ஏதேனும் ஒரு குறையுடையவை என ஹீத் பதிவு செய்துள்ளார். இரும்பில் சிட்டம் 5 விழுக்காடாக இல்லாமல் 10 விழுக்காடாக இருந்தால், ஆக்சைடை நீக்கவே 10 கிராம் கரி செலவாகும், உலோகத்தில் 1.1 விழுக்காடு கரியே எஞ்சும். அப்போது முழுமையாக உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை உயர்கிறது. எல்லையை ஒட்டியே இயங்கிய உலைக்கு இது பெரிய வேறுபாடு. மூசையின் ஒரு பகுதி இரும்பு உருகாமல் நின்றுவிடும். குறையுள்ள கட்டியின் மேற்பரப்பு தேன்கூடு போலத் துளைபட்டும், மென்மையான இரும்பு முண்டுகள் துருத்திக்கொண்டும் இருந்ததாக ஹீத் கூறுவது இதனோடு ஒத்துப்போகிறது. நன்கு உருகிய கட்டியின் மேற்பரப்பிலோ நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒளிக்கதிர்கள் போல வரிகள் ஓடின. துளையோ முண்டோ அங்கு இல்லை. கொல்லரும் வணிகரும் எடைக்கல்லோ வேதிப்பொருளோ இன்றித் தரத்தைக் கண்டறிய இம்மேற்பரப்பே போதுமானதாக இருந்தது.

கரியைச் சிறிது மிகையாக இட்டுப் பின்னர்க் காய்ச்சிக் குறைத்ததன் காரணமும் இங்கே புலனாகிறது. குறைவான கரியால் உருகாமற்போன கட்டியைத் திருத்த வழியில்லை. மிகையான கரியால் கடினமான கட்டியையோ காற்றில் காய்ச்சித் திருத்தலாம். திருத்தக்கூடிய பிழையின் பக்கம் சாய்ந்து செயல்பட்டது அனுபவத்தில் விளைந்த முடிவாகவே தோன்றுகிறது.

பச்சிலையின் பயனைப் பற்றி ஹீத் ஒரு விளக்கம் தந்தார். இலையும் கட்டையும் வெப்பத்தில் வெளியிடும் கரியும் நீரகமும் கலந்த வளி, வெறும் கரித்தூளைவிட விரைவாக இரும்பினுள் கரியை ஏற்றும் என்பது அவர் கருத்து. செப்பீல்டில் பல நாள் எடுத்த கரியேற்றமும் அதன்பின் மணிக்கணக்கில் நீண்ட உருக்குதலும் சேலத்தில் இரண்டரை மணிநேரத்தில் ஒருசேர முடிந்ததற்கு இதுவே காரணம் என்றார். இதனோடு மற்றொன்றையும் கருத வேண்டும். கரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பின் மேற்பரப்பு மிகுதியான கரியை உறிஞ்சும்போது, 1150 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். அவ்வுருகல் வழிந்து பிற துண்டுகளைத் தழுவ, அவையும் அதிலிருந்து கரியைப் பெற்றுக் கரைகின்றன. திண்மத்தினுள் கரி ஊடுருவுவதைவிட இது பன்மடங்கு விரைவானது.

மூசையின் மண்

இத்தொழிலில் இரும்பைவிட மூசையே கடுமையான சோதனைக்கு உள்ளாகியது. 1400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், உள்ளே உருகிய உலோகத்தின் எடையைத் தாங்கிக்கொண்டு, இரண்டரை மணிநேரம் அது வளையாமலும் வெடிக்காமலும் நிற்க வேண்டும். சாதாரணக் குயவர் மண் அவ்வெப்பத்தில் இளகிச் சரிந்துவிடும்.

தென்னிந்திய மூசைகளில் களிமண்ணோடு உமி பெருமளவில் கலக்கப்பட்டது. காற்றுக் குறைந்த சூழலில் உமி எரிந்து சாம்பலாவதில்லை. கரிந்து மூசைச் சுவரினுள்ளேயே தங்கிவிடுகிறது. அக்கரியும் உமியின் மணற்சத்தும் இணைந்து, சுற்றியுள்ள களிமண் இளகினாலும் சுவரைத் தாங்கும் எலும்புக்கூடு போல அமைகின்றன. உமி விட்டுச்சென்ற நுண்ணிய இடைவெளிகள், திடீர் வெப்பமாற்றத்தால் தோன்றும் வெடிப்பு பரவாமல் தடுக்கின்றன. உடைந்த மூசையின் குறுக்குவெட்டு கருமையாகத் தோன்றுவது இதனால்தான். நெல் விளையும் நிலத்தின் கழிவுப்பொருள் உயர்வெப்பத் தொழிலின் இன்றியமையாப் பொருளாக ஆனது இவ்வாறே.

தமிழகத்தில் இதற்கான களச்சான்று பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் கிடைத்தது. அங்குக் குவிந்து கிடந்த மூசைத் துண்டுகளைக் கண்டறிந்து ஆய்வு செய்த சாரதா சீனிவாசன், 1994இல் அதனை மூசை எஃகு உற்பத்தியிடமாக அறிவித்தார். மூசைத் துண்டில் ஒட்டியிருந்த நுண்ணிய உலோகத் துளிகளை நுண்ணோக்கியில் கண்டபோது, உயர்கரி எஃகுக்குரிய அமைப்பு புலப்பட்டது. எழுத்துக் குறிப்பு ஏதும் இல்லாத ஓரிடத்தில் மூசைக்குள் உருகியது எஃகுதான் என்பதை அத்துளிகளே நிறுவின.

ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் 1980களிலிருந்து நடைபெற்ற அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும் மூசைத் துண்டுகளையும் வெளிப்படுத்தின. பொது ஊழிக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே அங்கு மூசை எஃகு உருவானது என அகழாய்வாளர்கள் கருதுகின்றனர். மேல்சிறுவளூரில் செய்தது போல, மூசையில் ஒட்டிய உலோகத் துளிகளின் ஆய்வு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு அம்முடிவு வலுப்பெறும்.

களஆய்வு செய்வோர் இங்கு ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். தமிழகச் சிற்றூர்களின் புறத்தே காணப்படும் சிட்ட மேடுகளில் பெரும்பாலானவை சாதாரண இரும்பு உலைகளின் எச்சங்கள். கனத்த, வழிந்தோடிய தோற்றமுள்ள சிட்டம் இரும்பு பிரித்தலைக் காட்டுமேயன்றி எஃகு உருக்குதலைக் காட்டாது. எஃகு உருக்கிய இடத்தில் சிட்டம் குறைவு. மூசைத் துண்டுகளே மிகுதி. அத்துண்டுகள் உட்புறம் கருமையாகவும் வெளிப்புறம் கண்ணாடிப் பூச்சு ஏறியும் இருக்கும். உலோகத்தின் மேல்மட்டம் நின்ற இடத்தில் மூசையின் உட்சுவரைச் சுற்றி மெல்லிய கண்ணாடி விளிம்பு ஒன்று ஒட்டியிருக்கும். அவ்விளிம்பு உள்ளே நீர்மம் நின்றதற்கான நேரடித் தடயம். பொற்கொல்லரும் கன்னாரும் பயன்படுத்திய மூசைகளிலிருந்து இதனைப் பிரித்தறிய, துரு ஏறிய துளிகளை உலோகவியல் ஆய்வுக்கு உட்படுத்துவதே உறுதியான வழி.

வாளின் மேல் ஓடும் வரி

மூசை எஃகால் ஆன வாளை மெருகிட்டு, காரத்தன்மை நீங்கிய புளிப்பு நீர்மத்தால் துடைத்தால், அதன் பரப்பில் ஓடும் நீரின் அலை போன்ற வரிகள் தோன்றுகின்றன. பாரசீக, அரபு உலகில் வாளின் விலையை உறுதிசெய்தவை இவ்வரிகளே. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் இலங்கையின் எஃகும் இடம்பெறுகிறது. ஆனால் வரிகள் எவ்வாறு தோன்றின என்பது அண்மைக்காலம் வரை விளங்காத ஒன்றாகவே இருந்தது.

1998இல் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்பிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் தம் கூட்டாளருடன் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஏற்கத்தக்க விளக்கம் தந்தது. மூசைக்குள் உருகிய எஃகு குளிரும்போது மரக்கிளை போன்ற படிகங்களாக உறைகிறது. உலோகத்திலுள்ள வனேடியம் முதலிய சில தனிமங்கள், கடைசியாக உறையும் கிளையிடைப் பகுதிகளில் சென்று ஒதுங்குகின்றன. கட்டியை அடித்துத் தட்டையாக்கும்போது அப்பகுதிகள் மெல்லிய தளங்களாக நீள்கின்றன. கொல்லர் பலமுறை காய்ச்சி அடிக்கும்போது, இரும்புக் கார்பைடு என்னும் கடினமான துகள்கள் அத்தளங்களில் மட்டும் நிலைத்து வளர்கின்றன. அவை புளிப்பு நீர்மத்தால் அரிக்கப்படாமல் வெண்மையாக எஞ்சச் சூழ்ந்துள்ள எஃகு கருக்கிறது. அவ்வேறுபாடே வரியாகத் தோன்றுகிறது. வரிகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குகளே. இதற்குத் தேவைப்படும் வனேடியத்தின் அளவும் மிகச் சிறிது: 0.004 விழுக்காடு அளவே போதும்.

ஆகவே வரி என்பது வாளின் மேல் தீட்டிய அணியன்று. மூசைக்குள் எஃகு உறைந்த விதத்தின் பதிவு. அது போலி செய்ய அரியது. வாங்குபவர் அவ்வரியைக் கண்டபோது, உலோகம் முழுவதும் உருகியது, சிட்டமற்றது, மிகு வெப்பத்தால் கெடாதது என்னும் மூன்றையும் ஒருசேர அறிந்தார். கடினத் துகள்கள் நெருங்கிய இவ்வெஃகு கூர்மையை நெடுநேரம் தாங்கியது. வாளின் புகழுக்கு அழகோடு இதுவும் காரணம். எனினும் இவ்வாள் பிற வாள்களை வெட்டித் துணித்தது என்பது போன்ற கதைகளுக்கு உலோக ஆய்வு துணைநிற்கவில்லை. ஒரு வாளில் நுண்குழல் வடிவக் கரி காணப்பட்டதாக 2006இல் வெளிவந்த செய்தியும் 17ஆம் நூற்றாண்டின் தனி ஒரு வாளைப் பற்றியதே. அதனைக் கொண்டு பழங்கொல்லரின் நோக்கத்தையோ எல்லா வாள்களின் தரத்தையோ முடிவு செய்தல் பொருந்தாது.

கட்டியிலிருந்து வாள்: பட்டறையின் பங்கு

கட்டி கையில் இருந்தால் மட்டும் வாள் வந்துவிடாது என்பதற்குப் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1722இல் எழுதிய குறிப்பு சான்றாகும். கெய்ரோ வழியாகக் கிடைத்த இந்திய எஃகுக் கட்டியைப் பாரிசு நகரக் கொல்லர்களால் வடிக்க இயலவில்லை. அவர்கள் பழகிய தேனிரும்பை வெண்சூடு ஏறும்வரை காய்ச்சி அடிப்பது வழக்கம். உயர்கரி எஃகு அவ்வெப்பத்தில் உள்ளூர உருகத் தொடங்கிவிடுவதால் சம்மட்டி பட்டதும் சிதறும். வெப்பம் மிகக் குறைந்தாலும் அது வெடிக்கும். ஆரஞ்சு நிறத்துக்கும் மங்கிய சிவப்புக்கும் இடைப்பட்ட குறுகிய வெப்ப எல்லைக்குள், சிறுசிறு அடிகளாக, பல பத்து முறை காய்ச்சி வடிக்க வேண்டும். ஒருமுறை மிகையாகக் காய்ச்சினாலும் கார்பைடுத் துகள்கள் கரைந்து வரி மறைந்துவிடும். வரி மறைந்த வாளே கொல்லரின் பிழையைக் காட்டிக்கொடுத்தது.

இப்பயிற்சி பாரசீகம் முதலிய நாடுகளின் பட்டறைகளில் உச்சம் பெற்றிருந்தது. அதற்கேற்ற கட்டியைத் தேடி வணிகர்கள் தென்னிந்தியாவுக்கே வந்தனர். தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் கண்டவற்றை எழுதிய ஹென்றி வாய்சியின் குறிப்பு 1832இல் வங்காள ஆசியக் கழக இதழில் வெளியாயிற்று. பாரசீக வணிகர் ஒருவர் அங்கேயே தங்கிக் கட்டிகளைத் தேர்ந்து வாங்கியதை அது தெரிவிக்கிறது. அங்குக் கையாண்ட முறை சேலத்து முறையினின்று வேறுபட்டது. இருவகை இரும்பைக் கலந்து மூசையில் இட்டு, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் உலையை எரியவிட்டனர். கட்டி மெல்ல ஆறியது. மெல்ல ஆறும் கட்டியில் படிகங்கள் பெரிதாக வளர்வதால் வரிகள் தெளிவாக அமைய வாய்ப்புண்டு. சேலத்து மூசைகளோ இரண்டரை மணிநேரத்தில் வெளியே எடுக்கப்பட்டன. கூர்மையும் கடினமும் வேண்டிய கருவிகளுக்கு அதுவே போதுமானது. எனவே ஊட்சு என்ற ஒரே பெயரின் கீழ் குறைந்தது இரண்டு மரபுகள் இருந்தன என்பதையும், நீர்வரி வாளின் புகழ் இவ்விரண்டுக்கும் ஒரே அளவில் உரியதன்று என்பதையும் கருத வேண்டும்.

வாள் வணிகம் ஒருவழிப் பாதையாகவும் இருந்ததில்லை. இந்திய உருக்கு மேற்கே சென்ற அதே காலத்தில், ஐரோப்பிய அலகுகள் தக்காணத்துக்கு வந்து ‘பிராங்கி’ என்னும் வாள்களாக உருப்பெற்றன. நீண்டு வளையும் அலகுக்கு நடுத்தரக் கரி கொண்ட எஃகு ஏற்றது. கூர்மை காக்கும் அலகுக்கு மூசை எஃகு ஏற்றது. இரண்டையும் அறிந்தே அக்கால வீரர்கள் தேர்ந்தெடுத்தனர்.

தொழில் மறைந்தது ஏன்?

இத்தொழிலின் மறைவுக்குக் கூறப்படும் காரணங்கள் இருவகை. வனேடியம் கலந்த குறிப்பிட்ட தாது தீர்ந்துபோக, அதன் பங்கை அறியாத கொல்லர்களால் வரியை மீட்க இயலவில்லை என்பது வெர்ஹோவனின் கருத்து. வரியின் மறைவுக்கு இது பொருந்தும். ஆனால் சேலத்து உருக்குத் தொழிலின் மறைவை விளக்காது. அங்கு நிகழ்ந்ததற்கு ஹீத்தின் பதிவே விடை தருகிறது. ஒரு கிலோவுக்கும் குறைவான கட்டிகள், அவற்றுள் ஐந்துக்கு நான்கில் குறை, ஒவ்வொரு கட்டிக்கும் உடைபடும் ஒரு மூசை, ஒவ்வோர் உலைக்கும் குவியலாக மரக்கரி. இச்செலவோடு கப்பல்களில் வந்திறங்கிய சீரான செப்பீல்டு எஃகுக் கம்பிகளை எதிர்கொள்ள இயலவில்லை. காடுகள் மீதான அரசின் கட்டுப்பாடுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரியையும் அரிதாக்கின. மூசைக் கட்டிகளுள் நல்லவற்றைத் தேர்ந்து மறுபடி உருக்கினால் மிகச் சிறந்த எஃகு கிடைத்தது என்று ஹீத்தே எழுதியுள்ளார். உலோகத்தின் உச்சத்தரம் தோற்கவில்லை. அத்தரத்தை ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலத் தர இயலாமையே தோற்றது.

முடிவுரை

சேலம் வட்டாரக் கொல்லர் செய்தது வாளன்று. வாளுக்கு அடிப்படையான உலோகம். கரியைக் கொண்டே இரும்பின் உருகுநிலையை இறக்கியது, பத்தில் ஒரு பங்கு கட்டை என்ற அளவை நிலைநிறுத்தியது, உமி கலந்த மூசையால் வெப்பத்தைத் தாங்கியது, கட்டியின் மேற்பரப்பைக் கண்டே தரம் பிரித்தது ஆகியவை அவர்தம் பங்களிப்புகள். அவ்வுலோகத்தின் உள்ளே மறைந்திருந்த வரியைச் சம்மட்டியால் வெளிக்கொணர்ந்தது வேறு நிலங்களின் பட்டறைகளும் சேர்ந்து செய்த பணி. இவ்விரண்டையும் பிரித்துக் காணும்போது தமிழகத்தில் இனித் தேட வேண்டியது எது என்பதும் தெளிவாகிறது. அருங்காட்சியக வாள்களின் ஒளியில் மட்டும் நில்லாமல், மேல்சிறுவளூரில் கிடைத்தது போன்ற கரிய மூசைத் துண்டுகளையும், அவற்றில் ஒட்டியுள்ள கடுகளவு எஃகுத் துளிகளையும் நாடிச் செல்வதே இத்துறையின் அடுத்த பணியாக அமைகிறது.